‘நடப்பில்’ என்றே நிற்கும் வேலைகள்

மென்பொருள் நிறுவனங்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட் உண்டு. குழுவின் பலகையில் அந்த டிக்கெட் ‘செய்யவேண்டியது’, ‘நடப்பில்’, ‘சரிபார்ப்பில்’, ‘முடிந்தது’ என்று கட்டம் கட்டமாக நகரும். ஒருவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டை நடப்பில் கட்டத்துக்கு இழுத்ததும், அந்த வேலை அவருடைய பொறுப்பு என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். இந்த ஏற்பாட்டின் பயனும் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றன. வேலை உண்மையில் நின்றுபோனாலும் பெயர் அப்படியே இருக்கும், கட்டமும் மாறாது, மற்றவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள். யாருமே செய்யாத வேலை ஒன்று, யாரோ செய்துகொண்டிருப்பதைப் போலப் பலகையில் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும்.

இப்படித் தேங்கிய டிக்கெட்டுகளைத் தேடும்போது முதலில் எழும் கேள்வி, எத்தனை நாள் நின்றால் அதைத் தேக்கம் எனலாம் என்பது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பொதுவாக ஓர் எண்ணை வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒரு குழுவில் மூன்றே நாளில் முடியும் வேலை, இன்னொரு குழுவில் மூன்று வாரம் எடுக்கலாம். எனவே குழுவின் கடந்த கால வேகத்திலிருந்தே அந்த எண்ணை எடுப்பது நியாயமானது.

எடுத்துக்காட்டாக, கல்லூரிகளுக்குக் கட்டண வசூல் செயலி எழுதும் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளலாம். கடைசியாக முடிந்த 40 டிக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் தொடங்கியதிலிருந்து முடியும்வரை எத்தனை வேலை நாட்கள் பிடித்தன என்று பார்த்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டும். அதில் 34ஆவது இடத்தில் 9 நாள் என்று இருந்தால், 100க்கு 85 டிக்கெட்டுகள் 9 வேலை நாட்களுக்குள் முடிந்துவிடுகின்றன என்று பொருள். அந்த 9 நாளைத் தாண்டி நிற்கும் டிக்கெட் இந்தக் குழுவின் வழக்கத்துக்கு மாறானது, போய்ப் பார்க்கவேண்டியது. கன்பன் முறையைப் பின்பற்றும் குழுக்கள் பல இந்த 85 விழுக்காட்டு எல்லையையே பயன்படுத்துகின்றன. சராசரியை எல்லையாக வைத்தால் நன்றாக நடந்துகொண்டிருக்கும் டிக்கெட்டுகளும் ஏராளமாக அதில் சிக்கும். பிறகு தேடலை யாரும் மதிக்கமாட்டார்கள்.

எல்லை கிடைத்ததும் தேடல். ஜிரா போன்ற கருவியில் பலரும் முதலில் எழுதுவது, கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வைத்துத் தேடும் இந்த வரி:

```
statusCategory = "In Progress" AND updated <= -13d
```

கருவி சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணும் என்பதால், 9 வேலை நாள் இங்கே 13 நாளாகிறது. பார்க்கச் சரியாகத் தோன்றும் இந்தத் தேடலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. `updated` என்ற தேதி, டிக்கெட்டில் யார் எதைத் தொட்டாலும் புதிதாகிவிடும். ஒருவர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், மேலாளர் 30 டிக்கெட்டுகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு லேபிள் ஒட்டினாலும், ‘இது என்ன ஆயிற்று?’ என்று யாராவது கேட்டுவைத்தாலும் தேதி மாறும். வேலை ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. தேக்கத்தைப் பற்றி விசாரித்த குறிப்பே அந்தத் தேக்கத்தை அடுத்த இரண்டு வாரத்துக்கு மறைத்துவிடும். ஆகவே டிக்கெட் கடைசியாக எப்போது கட்டம் மாறியது என்று கேட்பதே மேல்:

```
statusCategory = "In Progress" AND NOT status CHANGED AFTER -13d
```

கடந்த 13 நாளில் கட்டமே மாறாத டிக்கெட்டுகளை இது தரும். இதற்கும் ஒரு குறை உண்டு. நடப்பிலிருந்து சரிபார்ப்புக்குப் போய், திருத்தம் வேண்டுமென்று திரும்பி வந்து, மறுபடி போகும் டிக்கெட் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றும். ஒரு மாதமாக அலைந்துகொண்டிருந்தாலும் இந்தத் தேடலில் அகப்படாது. அவற்றைப் பிடிக்க, எப்போதோ தொடங்கி இன்றும் முடியாதவற்றைக் கேட்கும் வரி ஒன்றையும் கூட ஓட்டிப் பார்ப்பது நல்லது:

```
statusCategory = "In Progress" AND status WAS "In Progress" BEFORE -13d
```

மேலே சொன்ன குழுவின் பலகையில் ஜூன் 16, திங்கட்கிழமை காலை 14 டிக்கெட்டுகள் நடப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தேடல் இரண்டைத்தான் காட்டுகிறது. முந்தைய வாரம் மாணவர் சேர்க்கை தொடர்பான டிக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருந்ததே காரணம். இரண்டாவது தேடல் ஐந்தைக் காட்டுகிறது. இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, ஐந்து பேருக்கும் ஒரே செய்தியை நகலெடுத்து அனுப்பிவிடுவது. மரியாதை செய்தியின் சொற்களில் தொடங்குவதில்லை. கேட்பதற்கு முன் டிக்கெட்டைத் திறந்து படிப்பதில் தொடங்குகிறது.

அந்த ஐந்தையும் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். முதலாவதற்கான நிரல் ஒன்பது நாளுக்கு முன்பே முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது. வேலை முடிந்தும் டிக்கெட்டை நகர்த்த மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ‘முடிந்தது கட்டத்துக்கு மாற்றிவிடட்டுமா?’ என்ற ஒரு வரி போதும். இரண்டாவது, வங்கியின் பணப்பரிமாற்ற இணைப்பு. சோதனைக்கான கணக்கு விவரத்தை வங்கி தரவில்லை என்று பொறுப்பாளரே மே மாதக் கடைசியில் டிக்கெட்டில் எழுதியிருக்கிறார். அவரிடம் மறுபடி கேட்பது, அவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று அவருக்கே சொல்வதாகும். இங்கே தேவை, டிக்கெட்டைக் ‘காத்திருப்பில்’ என்று மாற்றுவதும், வங்கியைத் தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரை அந்த வேலையில் சேர்ப்பதும்.

மூன்றாவதின் பொறுப்பாளர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். விடுப்பு நாட்காட்டியைப் பார்க்காமல் அனுப்பும் நினைவூட்டல், மருத்துவமனையில் படுத்திருப்பவரின் கைபேசியில் போய் ஒலிக்கும். இதைக் குழுத் தலைவரிடம் கேட்க வேண்டும், அவரிடம் அல்ல. நான்காவது, ரசீதைப் பிடிஎஃப் கோப்பாகத் தருவது. நாள் தவறாமல் நிரல் மாற்றங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ரசீது என்று தொடங்கிய வேலையில் மின்னஞ்சல் அனுப்புவது, தமிழ் எழுத்துரு சிதையாமல் பார்ப்பது, பழைய ரசீதுகளை மறுபடி எடுப்பது என்று மூன்று வேலைகள் சேர்ந்துவிட்டன. இது உயிருள்ள டிக்கெட், அளவில் பெரிதாகிவிட்டது. பொறுப்பாளரோடு உட்கார்ந்து முடிந்த பகுதியைத் தனியே பிரித்தால் போதும்.

ஐந்தாவதுதான் உண்மையான மௌனம். உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கான கட்டணச் சலுகை விதிகள். மே 27க்குப் பிறகு நிரலில் மாற்றமில்லை, டிக்கெட்டில் குறிப்பில்லை, பொறுப்பாளர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். ஜூன் முதல் வாரத்தில் சர்வர் பழுதுபட்டபோது அவரை அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆக, ஐந்தில் ஒன்றுக்குத்தான் ‘என்ன நிலை?’ என்று விசாரிக்கும் செய்தி தேவைப்படுகிறது. மற்ற நான்கிலும் அந்தக் கேள்வி வீண் அல்லது புண்படுத்தும்.

அந்த ஒரு செய்தியை எப்படி எழுதுவது? ‘ஏதாவது அப்டேட் இருக்கா?’ என்பது எளிதாக வருவது. கடுமையாக இல்லாவிட்டாலும் இதில் குறை இருக்கிறது. எதைப் பற்றி, எதற்காக, எப்போதைக்குள் என்று எதுவும் இல்லை. படிப்பவர் டிக்கெட்டைத் தேடிப் பிடித்து, கேட்டவரின் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகித்து, பதில் தயாரிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதி முடித்துவிடுவார். ‘இது இன்னும் முடியலையா?’ என்பது அதைவிட மோசம். அதற்குப் பதில் சொல்பவர் வேலையின் நிலையைச் சொல்லாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே முயல்வார். இப்படி எழுதலாம்:

“வணக்கம். கட்டணச் சலுகை விதிகள் டிக்கெட்டைப் பார்த்தேன். மே 27க்குப் பிறகு அதில் எதுவும் பதிவாகவில்லை. நடுவில் நீங்கள் சர்வர் வேலையில் இருந்தீர்கள் என்று தெரியும். இது இப்போது எந்த இடத்தில் நிற்கிறது? நீங்களே தொடர்வதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். வேறு வேலை முந்திக்கொண்டது என்றால் வரிசைக்குத் திருப்பிவிடலாம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. ஜூலை 1 முதல் கல்லூரிகள் கட்டணம் வாங்கத் தொடங்குகின்றன. வியாழக்கிழமைக்குள் சொன்னால் திட்டமிட வசதியாக இருக்கும்.”

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருப்பது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய ஒரு தேதி மட்டுமே. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தை அவரே சொல்லிவிடுவதால், எதிரில் இருப்பவர் விளக்கம் சொல்லித் தொடங்கவேண்டியதில்லை. கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் எப்போது முடியும் என்பதல்ல, எங்கே நிற்கிறது என்பது. எப்போது என்று கேட்டால் நம்பிக்கையில் பிறந்த ஒரு தேதி கிடைக்கும். எங்கே என்று கேட்டால் தடை என்னவென்று தெரியவரும். ‘சலுகை விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது, எதை எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை’ என்ற பதில், எந்தத் தேதியையும்விடக் குழுவுக்குப் பயன்படும்.

செய்தியின் மிக முக்கியமான பகுதி, திருப்பித் தரலாம் என்ற வாசல். எடுத்த வேலையை விடுவது தோல்வி என்று நினைப்பதால்தான் பலர் வாரக்கணக்கில் அதைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். கேட்கக் கூச்சம், சொல்லவும் கூச்சம். தொடர்வதும் திருப்புவதும் ஒரே அளவு ஏற்புடையவை என்று கேட்பவரே முன்வந்து சொல்லும்போது அந்தக் கூச்சம் குறைகிறது. இதைச் சொல்லும் குழுவில் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். திருப்பித் தந்தவரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் குறையாகப் பேசினால், அதன் பிறகு எந்த அழகான செய்திக்கும் நேர்மையான பதில் வராது.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். முதல் விசாரிப்பு தனிச் செய்தியாகப் போவதே நல்லது. எல்லோரும் இருக்கும் குழு அரட்டையிலோ, காலை ஸ்டாண்டப் கூட்டத்திலோ தேங்கிய டிக்கெட்டுகளின் பட்டியலைப் பெயரோடு வாசித்தால், பதில் வேகமாக வரும். ஆனால் அடுத்த வாரம் டிக்கெட்டுகளில் ‘வேலை நடக்கிறது’ என்ற பொருளில்லாத குறிப்புகள் பெருகும், தேடலின் கண்ணில் படாமலிருக்கச் சிலர் டிக்கெட்டை முன்னும் பின்னும் நகர்த்தவும் செய்வார்கள். தனியே பேசி, கிடைத்த முடிவை மட்டும் டிக்கெட்டில் எழுதிவைத்தால் பதிவும் இருக்கும், மானமும் இருக்கும். கேட்பவர் வயதிலோ பதவியிலோ இளையவராக இருந்தால், தன் வேலை எந்த இடத்தில் இதைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லிக் கேட்பது இருவருக்கும் எளிது. ‘சார், சலுகை விதி வந்தால்தான் நான் ரசீதில் தொகையைக் காட்ட முடியும், இது எந்த அளவில் இருக்கிறது என்று சொன்னீர்கள் என்றால் அதற்கேற்ப என் வேலையை மாற்றிக்கொள்வேன்’ என்பதில் யாரும் யாரையும் மேற்பார்வை செய்யவில்லை. மேலாளர் கேட்கும்போது இதற்கு நேரெதிரான கவனம் வேண்டும். அவர் சாதாரணமாகக் கேட்பதும் கண்டிப்பாகவே காதில் விழும் என்பதால், திருப்பித் தரலாம் என்ற வரியை அவர் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

பதில் வராமலும் போகலாம். ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று வேலை நாள் காத்திருப்பது போதும். இரண்டாவது செய்தி முதலாவதின் நகலாகவோ, அதைவிடச் சற்று அழுத்தமாகவோ இருந்தால் பயனில்லை. பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை அது சொல்ல வேண்டும்: “வெள்ளி மாலைவரை பார்த்துவிட்டு டிக்கெட்டை வரிசைக்குத் திருப்பிவைக்கிறேன். இதுவரை எழுதியதன் கிளையை டிக்கெட்டில் இணைத்துவிடுகிறேன். பிறகு எப்போது வேண்டுமானாலும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.” மௌனத்துக்கும் ஒரு விளைவு இருக்கிறது, அந்த விளைவு தண்டனையல்ல. கிளையை இணைப்பதை மறக்கக் கூடாது. பாதி எழுதிய நிரல் ஒருவரின் கணினியிலேயே தங்கிவிட்டால், அடுத்து எடுப்பவர் முதலிலிருந்து தொடங்குவார். முதலில் எழுதியவரின் உழைப்பு வீணாவதைவிட அவருக்குப் பெரிய அவமதிப்பு இல்லை. குழுத் தலைவரிடம் கொண்டுபோகவேண்டிய நிலை வந்தாலும், போகிறோம் என்பதை முதலில் பொறுப்பாளருக்குத் தெரிவித்துவிட்டே போக வேண்டும்.

சம்பளமில்லாமல் தன்னார்வமாக உழைப்பவர்களிடம் இந்தக் கணக்கு மாறும். டெபியன் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு மென்பொருள் தொகுப்புக்கும் ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார், அவர் காணாமல் போவதும் நேர்கிறது. அத்தகையவர்களைத் தேடுவதற்கென்றே அங்கே ஒரு குழு இயங்குகிறது. டெபியனின் உருவாக்குநர் கையேடு, முதலில் அவரிடமே பணிவாகக் கேட்டுவிட்டு நியாயமான காலம் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம் என்கிறது. மறுமுனையில் இருப்பவரின் சூழ்நிலை கேட்பவருக்குத் தெரியாது, அவர் கடும் நோயில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம் என்றும் அது நினைவுபடுத்துகிறது. தன்னார்வத் திட்டங்களில் நினைவூட்டல் எழுதும் எவரும் ஒருமுறை படிக்கவேண்டிய பகுதி இது. அலுவலகத்தில் மூன்று நாள் மௌனம் ஒரு செய்தி. முகம் பார்த்திராத தன்னார்வலரின் மூன்று நாள் மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

இன்னும் பெரிய திட்டங்களில் இந்த வேலையைத் தானியங்கி நிரல்களிடம் விட்டுவிடுகிறார்கள். குபெர்னெட்டீஸ் திட்டத்தில் 90 நாள் அசைவில்லாத டிக்கெட்டுக்கு `lifecycle/stale` என்ற லேபிள் விழும். மேலும் 30 நாள் போனால் `lifecycle/rotten`. அடுத்த 30 நாளில் டிக்கெட் மூடப்படும். `/remove-lifecycle stale` என்று யாராவது எழுதினால் லேபிள் நீங்கிவிடும். ஆயிரக்கணக்கில் டிக்கெட் குவியும் இடத்தில் மனிதர் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க முடியாது என்பதால் அங்கே இதற்கு நியாயம் இருக்கிறது. ஏழு பேர் கொண்ட குழுவில் இல்லை. மேலே பார்த்த ஐந்து டிக்கெட்டுகளையும் இந்த நிரல் ஒன்றுபோலவே நடத்தும். வங்கிக்காகக் காத்திருப்பதும், விடுப்பில் இருப்பவருடையதும், உண்மையில் கைவிடப்பட்டதும் அதற்கு ஒன்றுதான்.

பதில் வந்த பிறகும் ஒரு சிறிய கவனம் தேவை. அடிக்கடி கிடைக்கும் பதில், ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’. இதை நம்பக் கூடாது என்பதில்லை. மீதி என்ன இருக்கிறது என்று அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும். ‘சோதனை எழுதுவது மட்டும்’ என்று பெயர் சொல்லக்கூடிய மீதி இருந்தால் அது நல்ல அறிகுறி. மீதியைப் பெயர் சொல்ல முடியாவிட்டால், கையைவிட்டுப் போன வேலையாக அது இருக்கலாம். அப்போது இன்னொருவரை அரைநாள் கூட உட்காரவைப்பது, நாலு நினைவூட்டலைவிட வேகமாக வேலை செய்யும். எந்தப் பதிலானாலும் அடுத்து எப்போது பார்ப்பது என்று இருவரும் ஒரு நாளைக் குறித்து அதை டிக்கெட்டில் எழுதிவைத்தால், நடுவில் மறுபடி கேட்கவேண்டியதில்லை.

இந்தத் தேடலை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஓட்டினால் போதும். தினமும் ஓட்டினால் விசாரிப்பு கண்காணிப்பாகிவிடும், மாதம் ஒருமுறை என்றால் வேலை ஆறிப்போகும். ஒரு வாரம் தேடலில் ஐந்துக்குப் பதில் பலகையின் பாதி வந்து விழுந்தால், அன்று யாருக்கும் செய்தி அனுப்பக் கூடாது. காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதிப்படி, ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம், கையிலிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் வேலைகளால் வகுத்தால் கிடைப்பது. வேலை ஓரளவு சீராக வந்து போகும்வரை இது பொருந்தும். இந்தக் குழு நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு டிக்கெட் முடிக்கிறது என்றால், 14 டிக்கெட் கையில் இருக்கும்போது ஒன்றுக்கு 7 நாள். கைவேலை 20 ஆகும்போது 10 நாள். அப்போது சராசரி டிக்கெட்டே 9 நாள் எல்லையைத் தாண்டிவிடுகிறது, எந்தப் பொறுப்பாளரும் மெத்தனமாக இல்லாமலேயே. அத்தகைய வாரத்தில் பேசவேண்டியது புதிய வேலைகளைக் குழுவுக்குள் அனுப்பும் மேலாளரிடம். கையிலிருப்பவை 14க்கு இறங்கும்வரை புதிதாக எதையும் நடப்பில் கட்டத்துக்கு இழுக்காமல், முடியும் நிலையில் உள்ளவற்றை முதலில் வெளியே தள்ள வேண்டும் என்று அவரோடு ஒப்புக்கொண்ட பிறகே தேடலை மறுபடி ஓட்டுவதில் பொருள் இருக்கும்.